கவிழ்த்து வைத்த துரும்பு

கடந்த வைகாசியில் முள்ளிவாய்க்காலுக்குப் போயிருந்தேன். பதினெட்டாம் திகதி நினைவேந்தல் முடிந்து, கஞ்சி குடித்த சிரட்டையோடு சனங்கள் கலைந்து கொண்டிருந்த நேரம், கிழக்குப் பக்கமாக உள்ள சின்னம்மா வீட்டுக்கு நடந்தேன். மீள்குடியேற்றத்தின்போது கிடைத்த சிறிய வீடு. முன்விறாந்தையில் ஒரு பழைய நாற்காலி. அதில் சித்தப்பா இருந்து சீட்டாடிய காலம் போய்விட்டது. 2015இல் அவர் காலமானார். சின்னம்மா மட்டும் இருக்கிறார்.

சின்னம்மாவின் மகன் 2009இல் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவன். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. பாலத்துக்கு அப்பால் பஸ் ஏற்றும் இடத்தில் அவனை வேறு வரிசைக்கு விட்டதைத் தாயும் தகப்பனும் கண்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எதையும் காணவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சின்னம்மா எந்தெந்த அலுவலகங்களில் எத்தனை படிவங்கள் நிரப்பினார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. வற்றாப்பளை அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்தது, சாத்திரிமாரிடம் போனது, வாக்குச் சொல்பவர்களிடம் போனது எல்லாவற்றையும் நான் அறிவேன். அதைக் குறை சொல்லும் மனம் எனக்கு ஒருபோதும் வந்ததில்லை.

அன்று அவர் அலுமாரியிலிருந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்து வந்தார். பாரிஸில் இருக்கும் மூத்த மகள் அனுப்பியது. உள்ளே எழுபத்தெட்டுச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் படம். டாரட் சீட்டுக்கட்டு. மகள் தொலைபேசி வழியாகத் தமிழிலேயே டாரட் பார்த்துச் சொல்லும் ஒருவரிடம் தம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அவர் ஒரு சீட்டை இழுத்து, "ஆள் உயிரோடு இருக்கிறார், ஆனால் கட்டுண்டு இருக்கிறார்" என்று சொன்னாராம். சின்னம்மா அந்தச் சீட்டைத் தேடி எடுத்துக் காட்டினார். மரச்சட்டமொன்றில் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் இளைஞன். முகத்தில் வலி இல்லை. தலையைச் சுற்றி ஒளிவட்டம்.

"தம்பி, நீ பேப்பர்க்காரன். உனக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தச் சீட்டு எங்கையிருந்து வந்தது? ஆர் முதன்முதல் செய்தது?"

நான் எதிர்பார்த்த கேள்வி அதுவன்று. சீட்டுச் சொல்வது உண்மையா என்று கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அது செய்தியாளனுக்குரிய கேள்வி.

பதிலுக்கு முன் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நான் இளம் உதவி ஆசிரியனாக இருந்த நாட்களில், சோதிடரின் வாரபலன் குறித்த நேரத்துக்கு வந்து சேராவிட்டால், அந்தப் பத்தியை நிரப்புவது என் வேலை. பழைய இதழொன்றை எடுத்து மேடத்துக்கு எழுதியதை விருச்சிகத்துக்கும், விருச்சிகத்துக்கு எழுதியதைக் கும்பத்துக்கும் மாற்றிவிடுவேன். பலித்தது என்று நன்றி சொல்லிக் கடிதம் எழுதியவர்கள் இருந்தார்கள். எனவே குறி சொல்லும் எந்தப் பொருளைக் கண்டாலும், இதை முதலில் எழுதியவன் எந்த மேசையில் இருந்து எழுதினான் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

டாரட்டைப் பொறுத்தவரை அந்த மேசை ஒரு சூதாட்ட மேசை. இதைச் சின்னம்மாவிடம் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது, ஏனெனில் அவருக்கு முந்நூற்றுநாலு தெரியும்.

ஈழத்தவர் அல்லாத வாசகர்களுக்காக அந்த ஆட்டத்தைச் சிறிது விளக்க வேண்டும். முப்பத்திரண்டு சீட்டுகள், நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு பக்கம். முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. அதைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும், நூற்றறுபதில் தொடங்கும். அதிகம் கேட்டவர் தம் கையிலுள்ள ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அந்தச் சீட்டின் இனமே துரும்பு. பிறகு மிகுதி நான்கும் பகிரப்படும். ஒருவர் இறக்கிய இனத்தையே மற்றவர்களும் இறக்க வேண்டும். அந்த இனத்தில் பெரியது அந்தப் பிடியை எடுக்கும். இறக்கிய இனம் கையில் இல்லாதவர் துரும்பால் வெட்டலாம். வெட்டினால் எவ்வளவு சிறிய துரும்பும் மற்ற இனத்தின் எவ்வளவு பெரிய சீட்டையும் வென்றுவிடும். ஒவ்வோர் இனத்திலும் எழுபத்தாறு புள்ளிகள், நான்கு இனத்துக்கும் சேர்த்து முந்நூற்றுநாலு. ஆட்டத்தின் பெயர் அதுதான்.

இதில் நாம் சாதாரணமாகச் சொல்லும் துரும்பு என்ற சொல் உண்மையில் டாரட்டின் பழைய பெயர். வைக்கோல் துரும்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. போர்த்துக்கேயர் 'துருன்ஃபோ' என்றார்கள், ஒல்லாந்தர் 'துரூஃப்' என்றார்கள், ஆங்கிலேயர் 'ட்ரம்ப்' என்றார்கள். எல்லாவற்றுக்கும் வேர் வெற்றி ஊர்வலம் என்று பொருள்படும் 'திரியோன்ஃபோ' என்ற இத்தாலியச் சொல். 'திரியோன்ஃபி' என்ற பன்மைப் பெயரில்தான் பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் டாரட் சீட்டுக்கட்டு அழைக்கப்பட்டது. நம் ஊரில் சீட்டினங்களை ஸ்கோப்பன், கலாவரை என்று ஒல்லாந்தர் பெயர்களாலேயே இன்றும் அழைக்கிறோம். கடலால் வந்தவர்கள் விட்டுப்போன சொற்கள் இவை.

சீட்டு ஐரோப்பாவுக்கு 1370களில் இஸ்லாமிய உலகிலிருந்து வந்தது. எகிப்தை ஆண்ட மம்லூக்கியர் காலத்துச் சீட்டுக்கட்டொன்று இஸ்தான்புல்லின் தொப்காப்பி அரண்மனையில் இருக்கிறது. கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என நான்கு இனங்கள். இத்தாலியர் போலோ மட்டையைத் தடியாக்கிக் கொண்டார்கள். அந்தச் சீட்டுகளால் ஆடிய ஆட்டங்களில் இறக்கிய இனத்தில் பெரியது வெல்லும், அவ்வளவே. உங்கள் கையில் இராசாவோ இராணியோ இல்லாவிட்டால் ஆட்டம் முழுவதும் கைகட்டி இருக்க வேண்டியதுதான். வெட்டுவதற்கு எதுவும் கிடையாது.

அந்தக் குறையைத் தீர்க்க வட இத்தாலியில் யாரோ ஒருவர் கண்ட வழி எளிமையானது. நான்கு இனங்களோடு ஐந்தாவதாக இருபத்தொரு படச் சீட்டுகளைச் சேர்த்தார். அவை என்றென்றைக்கும் துரும்பு, எந்த இனத்தையும் வெட்டும். இவற்றோடு முட்டாள் என்றொரு சீட்டு. அதை இறக்கினால் இனத்தைப் பின்பற்ற வேண்டிய கடமையிலிருந்து அந்தப் பிடிக்கு விலக்கு. ஐம்பத்தாறும் இருபத்தொன்றும் ஒன்றும் சேர்ந்து எழுபத்தெட்டு. முந்நூற்றுநாலில் ஏதாவதோர் இனத்தைத் துரும்பாக உயர்த்துகிறோமே, அந்த யோசனை இதற்குப் பிற்பட்டது. படச் சீட்டுகள் இல்லாத சாதாரணக் கட்டிலும் வெட்டி ஆட வேண்டும் என்ற ஆசை வந்தபோது, இருக்கும் இனங்களில் ஒன்றுக்கே அந்தப் பதவியைக் கொடுத்தார்கள். வெற்றிச்சீட்டு என்ற பெயரும் அந்தப் புதிய ஆட்டத்தோடு போய்விட்டது. பெயரை இழந்த பழைய ஆட்டம் 1505 அளவில் 'தரோக்கி' என்று அழைக்கப்படத் தொடங்கியது. பிரெஞ்சில் அது 'தாரோ' ஆயிற்று.

இது குறிபார்க்கும் கருவியாகப் பிறக்கவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்பீர்கள். எழுத்துச் சான்று இருக்கிறது. 1440 செப்டெம்பரில் ஜூஸ்தோ ஜூஸ்தி என்ற நொத்தாரிசு, புளோரன்ஸில் செய்த ஒரு வெற்றிச்சீட்டுக் கட்டை வாங்கி, படைத்தலைவனான சிஜிஸ்மோந்தோ மலத்தெஸ்தாவுக்குக் கொடுத்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பத்தாண்டுகளின் பின் புளோரன்ஸ் நகரச் சட்டம், தடைசெய்யப்படாத ஆட்டங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. என்னைப் பொறுத்தவரை ஆகப் பலமான சாட்சி ஒரு பாதிரியார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், சூதாட்டத்துக்கு எதிராக அவர் செய்த பிரசங்கமொன்றின் கையெழுத்துப்படி கிடைத்திருக்கிறது. தாயக்கட்டை, சாதாரணச் சீட்டு, வெற்றிச்சீட்டு மூன்றையும் சாடுகிறார். இருபத்திரண்டு படங்களையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறார். பாப்பரசரையும் தேவதூதரையும் கடவுளையும் சூதாட்டத்தில் இழுத்துவிட்டார்கள் என்று கொதிக்கிறார். ஆனால் எவரும் இவற்றைக் கொண்டு குறிபார்த்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. அப்படியொரு பழக்கம் இருந்திருந்தால் அந்த மனிதர் விட்டுவைத்திருப்பாரா?

படங்கள் எதற்கு என்றால், வரிசையை நினைவில் வைப்பதற்கு. பழைய கட்டுகளில் துரும்புகளுக்கு எண் கிடையாது. பேரரசனைப் பாப்பரசர் வெல்வார், சாவு மனிதரை எல்லாம் வெல்லும், சாவுக்கு மேலே சாத்தான், அதற்கும் மேலே விண்மீன், நிலவு, சூரியன், இறுதித் தீர்ப்பு. அக்காலத்து இத்தாலியர் எவருக்கும் ஊர்வலங்களிலும் கோயிற் சுவர்களிலும் பழகிப்போன உருவங்கள் இவை. நகரத்துக்கு நகரம் வரிசை சற்று மாறும். மறைஞானம் ஒன்றைப் பொதித்து வைத்த நூலென்றால் பக்கங்களை இப்படி மாற்றி அடுக்கியிருக்க மாட்டார்கள்.

இந்த வரலாற்றை எழுபதுகளில் அமர்ந்து முழுமையாகத் துலக்கியவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் மெய்யியலாளர் மைக்கல் டமெட். பிரித்தானியாவில் குடியேறிகளின் உரிமைக்காகத் தெருவில் இறங்கி உழைத்த அதே டமெட்தான். டாரட் ஆட்டம் பற்றிய அவரது பெருநூல் 1980இல் வெளிவந்தது.

இனிச் சின்னம்மா கையில் இருந்த சீட்டுக்கு வருவோம். அதைப் பின்தொடர்ந்தால் மிகுதிக் கதை தானாக வந்துவிடும்.

பாதிரியாரின் பட்டியல் போன்ற பழைய பட்டியல்களில் தலைகீழாகத் தொங்குபவனின் பெயர் 'துரோகி'. இத்தாலிய நகரங்களில், காட்டிக்கொடுத்தவனையும் கடனைக் கட்டாமல் ஓடியவனையும் பிடிக்க முடியாதபோது, அவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதாகப் பொதுச் சுவரில் படம் வரைந்து அவமானப்படுத்துவது வழக்கம். அந்தப் படமே சீட்டுக்கு வந்தது. பார்த்த உடனே எவருக்கும் விளங்கும். பிரான்சில் அச்சான கட்டுகளில் இதன் எண் பன்னிரண்டு. பதினொன்றை வெல்லும், பதின்மூன்றான சாவிடம் தோற்கும். இன்று பிரெஞ்சுக்காரர் ஆடும் தாரோவில் பன்னிரண்டாம் துரும்பைப் பிடித்தால் அரைப் புள்ளி. அதற்கு மேல் அந்த எண்ணில் எந்த மர்மமும் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரம் இந்த ஆட்டத்தை மறந்துவிட்டிருந்தது. சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் கிழக்குப் பிரான்சிலும் ஆடினார்கள், பாரிஸில் ஆடவில்லை. கூர் த ஜெபலன் என்ற புரட்டஸ்தாந்துப் போதகர், அந்தத் திசையிலிருந்து வந்திருந்த ஒரு சீமாட்டியின் வீட்டில் இந்தச் சீட்டுகளால் ஆடுவதைக் கண்டார். கால் மணி நேரத்தில் எல்லாம் விளங்கிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். இது ஆட்டமன்று, எரிந்துபோன எகிப்திய நூலகங்களிலிருந்து தப்பிய ஞான நூல் என்றார். அது 1781இல், அவரது பெருநூலின் எட்டாம் தொகுதியில் அச்சாயிற்று. அப்போது எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. ரொசெற்றாக் கல் கிடைத்தது 1799இல், ஷம்போலியோன் அதை வாசித்தது 1822இல். மறுப்பதற்கு ஆளில்லாத இடத்தில் எதையும் எழுதலாம் என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியாததன்று.

துரோகியை அவர் என்ன செய்தார் தெரியுமா? நற்குணங்களின் படங்கள் சீட்டில் இருக்கின்றன, விவேகத்தை மட்டும் காணவில்லை. எனவே தொங்குபவன்தான் விவேகம் என்று முடிவு செய்தார். ஒரு காலை ஊன்றி, மறுகாலை எங்கே வைப்பது என்று யோசித்து நிற்கும் மனிதனை, அறியாத சீட்டு அச்சடிப்பவன் தலைகீழாக்கிவிட்டானாம். படத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்திருக்கிறார் மனிதர். எத்தெய்யா என்பவர் அடுத்து வந்தார். அலியெத் என்ற தன் பெயரைத் தலைகீழாக எழுதிப் பெற்ற பெயர் அது. 1770இலேயே முப்பத்திரண்டு சீட்டுக் கட்டால் குறி சொல்வது எப்படி என்று நூல் எழுதியவர். நமது முந்நூற்றுநாலுக்கு வேண்டிய அதே ஏழு முதல் ஆசு வரையான சீட்டுகள், கேட்பவருக்காக மேலதிகமாக ஒன்று. எகிப்தியக் கதை வெளிவந்ததும் டாரட்டுக்குத் தாவினார். 1780களின் இறுதியில், குறிபார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட முதலாவது டாரட் கட்டை வெளியிட்டார். அதில் தொங்குபவன் இல்லை, விவேகம் நிமிர்ந்து நிற்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. பாரிஸ்காரர்களுக்கு முன்னரே, 1750 அளவில், இத்தாலியின் பொலோஞ்ஞாவில் முப்பத்தைந்து சீட்டுகளுக்குப் பலன் குறித்த ஒரு தாள் கிடைத்திருக்கிறது. ஆடுகிற ஊரிலும் சிலர் குறி பார்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே பலன்கள் வெகு சாதாரணமானவை. துரோகிச் சீட்டு வந்தால் துரோகம், அவ்வளவுதான். எகிப்தும் ஞானமும் ஆட்டத்தை மறந்த ஊரிலேதான் முளைத்தன.

பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் எலிபாஸ் லேவி இருபத்திரண்டு படங்களையும் இருபத்திரண்டு எபிரேய எழுத்துகளோடு பொருத்தினார். 1909இல் இலண்டனில் ஆர்தர் வெய்ட் என்பவரின் திட்டப்படி பமீலா கோல்மன் சிமித் என்ற ஓவியர் வரைந்த கட்டு வெளியாயிற்று. சின்னம்மாவின் பெட்டியில் இருந்தவை அதே படங்கள். தொங்குபவனின் தலைக்கு ஒளிவட்டம் வந்தது அங்கேதான். துரோகி விவேகமாகி, விவேகம் தியாகமாகி, கடைசியில் தொலைபேசியில் ஒருவர் வாயால் "கட்டுண்டு இருக்கிறார்" என்று ஆகிவிட்டது.

சின்னம்மாவுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. ஆட்டத்துக்குச் செய்த சீட்டு, இது பன்னிரண்டாம் துரும்பு, பாரிஸில் ஒருவர் பிழையாக விளங்கிக்கொண்டு குறிச்சீட்டு ஆக்கினார் என்று சொன்னேன். துரோகி என்ற பழைய பெயரைச் சொல்லவில்லை. எங்கள் மண்ணில் அந்தச் சொல்லால் என்னென்ன நடந்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு தாயின் கையில் அந்தப் பெயரோடு அந்தச் சீட்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. செய்தியில் ஒரு பகுதியை மறைத்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அவர் சீட்டைத் திருப்பி முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். எல்லாச் சீட்டுக்கும் ஒரே கோலம்.

"அப்ப இதுவும் துரும்புதானோ? உன்ரை சித்தப்பா கவிழ்த்து வைச்சா என்ன துரும்பெண்டு அவருக்கு மட்டுந்தான் தெரியும். பக்கத்திலை இருக்கிற எனக்குக் காட்ட மாட்டார். வெட்டேக்குள்ளைதான் தெரியும்." சற்று நேரம் பேசாமல் இருந்தார். "என்ரை பிள்ளையை வேறை வரியிலை விட்டவங்களுக்குத் தெரியும்தானே தம்பி, எங்கை எண்டு. சீட்டுக்கு என்னெண்டு தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. சீட்டைக் கட்டுக்குள் செருகிவிட்டுத் தேநீர் வைக்க எழுந்து போனார்.

திரும்பி வந்த பின் பாரிஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். தங்கச்சியின் கணவர் அங்கே உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார். 2012இல் நான் போயிருந்தபோது, மதிய ஓய்வில் பிரெஞ்சுக்காரரோடு அவர் தாரோ ஆடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆளுக்குப் பதினெட்டுச் சீட்டு, நடுவில் ஆறு. நடுவில் வைக்கும் ஆறுக்கும் அவர்கள் நாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஆட்டக் கட்டில் துரும்புகளில் பெரிய எண்களும் நடனக்காரரும் தோட்டங்களுமே இருக்கும், தொங்குபவன் கிடையாது. அதனால் மனைவி வாங்கிய சீட்டும் தான் ஆடும் சீட்டும் ஒன்றென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னதும் சிரித்தார். முந்நூற்றுநாலு தெரிந்தவனுக்கு அதைப் பழக ஒரு கிழமை போதும் என்றார்.

தங்கச்சி சிரிக்கவில்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டாள். "அண்ணா, அது விளையாட்டுச் சீட்டெண்டு எனக்கும் தெரியும். ஆனா அந்த அரை மணித்தியாலம் ஒராள் என்ரை தம்பியைப் பற்றி மட்டும் கதைக்குது. வேறை ஆர் இப்ப கதைக்கினம்?" என்றாள். வருகிற செவ்வாய்க்கிழமைக்கும் நேரம் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். துரோகி என்ற பெயரை அவளிடமும் சொல்லவில்லை.

இதை அவள் வாசிப்பாள். எனவே இப்போது சொல்லிவிட்டேன்.